‘சிரிக்கும்’ பிஸ்தாவை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

ஈரானின் கெர்மான் மாகாணத்தில் ரஃப்சன்ஜான் என்றோர் ஊர். அந்நாட்டுப் பிஸ்தா வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. அங்கிருந்து மும்பைப் பக்கம் சரக்கு அனுப்பும் ஒரு வியாபாரி தன் தாய்மொழியான பாரசீகத்தில் பில் போட்டால், அதில் இப்படி ஒரு வரி வரும்: ‘பெஸ்தே-யே ஃபந்தோகி-யே கந்தான்-எ காம், பா பூஸ்த், ஓன்ஸ் 28-30’. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் போட்டால், ‘ஹேசல்நட் பிஸ்தா, சிரிப்பது, பச்சை, தோலுடன், 28 முதல் 30 அவுன்ஸ்’ என்று வந்து நிற்கும்.

இந்த மொழிபெயர்ப்பில் அகராதிப்படி பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை அப்படியே சுங்கத்துறையிடம் கொடுத்தால், பெட்டியில் இருப்பது பிஸ்தாவா ஹேசல்நட்டா என்பதில் தொடங்கி, ஒரு மூட்டை என்ன எடை என்பது வரை எல்லாமே கேள்வியாகிவிடும். கேள்வி எழுந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும்.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இன்வாய்ஸை ஆங்கிலத்திலேயே அடித்துக் கொடுத்துவிடும். பாரசீகப் பில் நம் கைக்கு வருவது வேறு சந்தர்ப்பங்களில். சிறு வியாபாரியிடம் நேரடியாக வாங்கும்போது வரும். அறிவித்த விலை சரிதானா என்று சந்தேகம் வந்து, ஏற்றுமதியாளர் அந்தச் சரக்கை உள்ளூரில் வாங்கிய மூலப் பில்லைச் சுங்கத்துறை கேட்கும்போது வரும். சரக்கு வழியில் நனைந்து காப்பீட்டுத் தொகை கோரும்போதும் வரும். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். ஆனால் அந்தத் தாளுக்குள் இரண்டு விதமான பாரசீகம் கலந்து கிடக்கிறது. ஒன்று சந்தையில் பேசுகிற பாரசீகம். மற்றது சுங்க வரிப் புத்தகத்தின் பாரசீகம். இரண்டையும் ஒரே முறையில் மொழிபெயர்க்கக் கூடாது. இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான் என்பது என் கருத்து. எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

விளக்குவதற்காக ஒரு மாதிரிப் பில்லை எடுத்துக்கொள்வோம். நானே அமைத்ததுதான், ஆனால் இத்தகைய பில்களில் இருக்கிற எல்லாம் இதிலும் உண்டு. சரக்கு பந்தர் அப்பாஸை அடுத்த ஷஹீத் ரஜாயி துறைமுகத்திலிருந்து நவா ஷேவாவுக்கு வருகிறது. பில்லில் இரண்டு வரிகள். முதல் வரி மேலே சொன்ன பிஸ்தா: ஐம்பது கிலோ கொண்ட 240 ‘கூனி’, அதாவது நம் கோணிச் சாக்கு, நிகர எடை 12,000 கிலோ. இரண்டாவது வரி ‘மக்ஸ்-எ பெஸ்தே, பா பூஸ்த்’: பத்து கிலோ கொண்ட 200 அட்டைப்பெட்டி, நிகர எடை 2,000 கிலோ. இரண்டு வரிகளுக்கும் எதிரே சுங்க எண் கட்டத்தில் ஒரே எண் இருக்கிறது: 08025100.

முதலில் சந்தைப் பாரசீகம். ‘ஃபந்தோக்’ என்றால் ஹேசல்நட். ‘ஃபந்தோகி’ என்றால் ஹேசல்நட்டைப் போன்றது. பிஸ்தாவில் உருண்டையாக இருக்கும் ரகத்துக்கு ஈரானியர் வைத்த பெயர் அது. இதேபோல் நீளவாட்டில் இருக்கும் ஒரு ரகத்துக்குப் ‘பாதாமி’ என்று பெயர். பாதாம், பிஸ்தா இரண்டும் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்து தமிழாகிவிட்ட சொற்கள் என்பதால், ‘பெஸ்தே-யே பாதாமி’ என்று பார்த்ததுமே நமக்குப் பாதாமும் பிஸ்தாவும் கலந்த சரக்கு என்றே தோன்றும். அங்கே பாதாம் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய கொட்டை கொண்ட இன்னொரு ரகத்துக்குக் ‘கல்லே கூச்சி’ என்று பெயர். நேர்ப்பொருள் ஆட்டுக்கடாத் தலை. ‘அக்பரி’, ‘அஹ்மத் ஆகாயி’ என்று மனிதர் பெயரால் வழங்கும் ரகங்களும் உண்டு.

ரகப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. ஒலியை அப்படியே எழுதி, அது ரகம் என்று தெரியும்படி ‘வெரைட்டி’ என்ற சொல்லைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சொல்ல எளிதாக இருந்தாலும், இதில் தவறினால் விளைவு கனமானது. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் பிஸ்தா, பாதாம், ஹேசல்நட் மூன்றும் 0802 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. ஓட்டோடு இருக்கும் பாதாமுக்கு 0802.11, ஓட்டோடு இருக்கும் ஹேசல்நட்டுக்கு 0802.21, ஓட்டோடு இருக்கும் பிஸ்தாவுக்கு 0802.51. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் நழுவினால் சரக்கு பக்கத்து வரிக்குத் தாவிவிடும். அந்தப் பக்கத்து வரியில் வரி போடும் முறையே வேறாக இருக்கலாம். இந்தியாவில் பாதாமுக்கு அடிப்படைச் சுங்க வரி கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பிஸ்தாவுக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. ஆகவே ‘பாதாமி’யைப் பாதாம் என்று எழுதிய மொழிபெயர்ப்பு விகிதத்தை மட்டுமல்ல, கணக்குப் போடும் வழியையே மாற்றிவிடுகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கொட்டை வகைச் சரக்கோடு தாவர நலச் சான்றிதழ் ஒன்றும் வரும். அதில் செடியின் அறிவியல் பெயர் லத்தீனில் இருக்கும். பிஸ்தா என்றால் ‘பிஸ்டாசியா வேரா’. பாதாம் என்றால் ‘புரூனஸ் டல்சிஸ்’. பில்லின் வர்ணனையும் சான்றிதழின் லத்தீன் பெயரும் ஒரே செடியைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டால் ரகப் பெயரில் ஏமாறும் வாய்ப்பு போய்விடும். மொழிபெயர்க்க வருபவர் பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு உட்காராமல், பேக்கிங் லிஸ்டையும் இந்தச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது ‘கந்தான்’. சிரிப்பது என்று பொருள். பிஸ்தா மரத்திலேயே முற்றும்போது ஓடு தானாக வாய்பிளக்கும். அந்தக் கொட்டையைத்தான் சிரிக்கும் பிஸ்தா என்கிறார்கள். வாய் திறக்காதது ‘தஹன்பஸ்த்’, வாய் கட்டியது. வாய் திறக்காத கொட்டையை எந்திரத்தில் கொடுத்துத் திறக்க வைத்தால் அது ‘மெகானிக் கந்தான்’. தானாகத் திறந்ததற்கும் எந்திரத்தில் திறந்ததற்கும் விலையில் வேறுபாடு உண்டு. அதனால் இரண்டையும் ‘ஓப்பன்’ என்று ஒரே சொல்லால் எழுதிவிட்டால் வாங்குபவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார், விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் சுங்க அதிகாரியும் குழம்புவார். பிஸ்தாவுக்கான சர்வதேசத் தர விதிகளிலேயே ‘நேச்சுரலி ஓப்பன்’, ‘மெக்கானிக்கலி ஓப்பன்’ என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்வது நல்லது. கவித்துவமாக ‘ஸ்மைலிங் பிஸ்தா’ என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத் தாளுக்கு அது அழகு. சுங்கத் தாளில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

‘ஓன்ஸ் 28-30’ என்பது பலரும் தவறும் இடம். எண்ணும் அவுன்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எடை என்றுதான் யாருக்கும் தோன்றும். 28 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 800 கிராம். பில்லில் மூட்டைக்கு ஐம்பது கிலோ என்று இருக்கும்போது இந்த 800 கிராம் எங்கிருந்து வந்தது? உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்களா? சில்லறைப் பொட்டலம் என்றால் லேபிள் விதிகள் வேறாயிற்றே என்று கேள்விகள் கிளம்பும். உண்மையில் இது எடையே அல்ல, பருமன். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம் எடைக்கு 28 முதல் 30 கொட்டை நிற்கும் என்று அர்த்தம். எண் குறையக் குறையக் கொட்டை பெரிது. ஆகவே ஆங்கிலத்தில் ‘சைஸ்’ என்ற சொல்லைப் போட்டு, ஓர் அவுன்ஸுக்கு இத்தனை கொட்டை என்று விரித்து எழுத வேண்டும். மூலத்தில் இல்லாத ‘கொட்டை’ என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை. அந்தச் சொல் பாரசீக வியாபாரியின் வாக்கியத்துக்குள் சொல்லாமலே இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டால் பொருளே மாறிவிடுகிறது.

இனி ‘பூஸ்த்’. இந்தப் பில்லின் மிகக் கடினமான சொல் இதுதான். பாரசீகத்தில் பூஸ்த் என்றால் தோல், தொலி, ஓடு எல்லாமே. பிஸ்தாவுக்கு மூன்று பூஸ்த் உண்டு. மரத்தில் இருக்கும்போது மேலே மூடியிருக்கும் மெத்தென்ற தோல் ஒன்று; அதை அறுவடை முடிந்த கையோடு உரித்துவிடுவார்கள். அதற்குள்ளே கெட்டியான வெள்ளை ஓடு. ஓட்டை உடைத்து எடுத்த பருப்பின் மேல் ஊதா கலந்த மெல்லிய தொலி. பில்லின் முதல் வரியில் ‘பா பூஸ்த்’ என்று இருக்கிறது. அது முழுக் கொட்டை. ஆகவே ‘பூஸ்துடன்’ என்றால் ஓட்டுடன். இரண்டாவது வரியிலும் அதே ‘பா பூஸ்த்’. ஆனால் அங்கே ‘மக்ஸ்’ என்ற சொல் முன்னால் நிற்கிறது. மக்ஸ் என்றால் பருப்பு. ஓட்டை உடைத்தால்தான் பருப்பு. ஆகவே இங்கே ‘பூஸ்துடன்’ என்றால் தொலியுடன். ஒரே சொல், ஒரே தாள், இரண்டு பொருள். இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் எழுதினால் பருப்பு ஓட்டுக்குள் போய்விடும், அல்லது ஓட்டுப் பிஸ்தா பருப்பாகிவிடும்.

ஆங்கிலப் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘அன்ஷெல்டு’ என்ற சொல்லைச் சிலர் ஓடு நீக்கியது என்ற பொருளில் எழுதுகிறார்கள். ஆனால் கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு 1981-ல் பிஸ்தாவுக்கு வகுத்த 131-ஆம் எண் தரத்தின் தலைப்பிலேயே ‘அன்ஷெல்டு’ என்று இருக்கிறது; அங்கே அதன் பொருள் ஓடு நீக்காதது. இப்படி இரண்டு பக்கமும் வெட்டும் சொல்லைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. சுங்கப் பட்டியல் ‘இன் ஷெல்’, ‘ஷெல்டு’ என்ற இணையைப் பயன்படுத்துகிறது. முதல் வரிக்கு ‘இன் ஷெல்’. இரண்டாவது வரிக்கு ‘கெர்னல்ஸ், ஷெல்டு’ என்று எழுதி, தொலி உரிக்கப்படவில்லை என்பதைக் காட்ட ‘நாட் பீல்டு’ என்று சேர்க்கலாம்.

இதுவரை பார்த்தது சரக்கு வர்ணனை. பில்லில் ‘ஷர்ஹெ காலா’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது. இங்கே மொழிபெயர்ப்பாளர் அர்த்தத்தைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். இதற்கு அடுத்த கட்டம் ‘தஅரெஃபே’, அதாவது சுங்க வரி எண். சில பில்களில் எண் மட்டும் இருக்கும். சிலவற்றில் வரிப் புத்தகத்திலிருந்து எடுத்த வாசகமும் சேர்ந்து இருக்கும். நம் மாதிரிப் பில்லில் கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்த வாசகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் போக்கு இப்படி இருக்கும்: மற்றக் கடின ஓட்டுக் கனிகள், பசுமையானவை அல்லது உலர்ந்தவை, ‘ஹத்தா’ ஓடு இல்லாதவை அல்லது தொலி உரித்தவை.

‘ஹத்தா’ என்றால் ‘கூட’. ‘அவன்கூட வந்தான்’ என்கிறோமே, அந்தக் கூட. இதை நேராக ஆங்கிலத்தில் போட்டால் ‘ஈவன் வித்தவுட் ஷெல்’ என்று வரும். படிப்பவருக்கு இந்தச் சரக்கே ஓடு இல்லாதது என்பதுபோல் தோன்றும். சுங்கப் பட்டியலின் ஆங்கில மூலத்தில் அங்கே இருப்பது ‘வெதர் ஆர் நாட் ஷெல்டு ஆர் பீல்டு’. ஓடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்தத் தலைப்பு பொருந்தும் என்பதே அதன் கருத்து. பாரசீகத்துக்கு ‘ஹத்தா’ வந்ததில் வியப்பில்லை: சுங்கப் பட்டியலுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் மூல மொழிகள், பிரெஞ்சு வாசகம் இதே இடத்தில் ‘கூட’ என்று பொருள்படும் ‘மெம்’ என்ற சொல்லால்தான் இதைச் சொல்கிறது.

ஆகவே சுங்க வாசகத்தை மொழிபெயர்க்கக் கூடாது. தேடி எடுத்து எழுத வேண்டும். ஈரானிய வரிப் புத்தகத்தில் இருக்கும் பாரசீக வாசகமே ஒரு மொழிபெயர்ப்பு. அதை மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பினால், மூலத்துக்குக் கிட்டத்தட்ட வரும், மூலமாகாது. சுங்கத்தில் கிட்டத்தட்ட என்பதற்கு மதிப்பில்லை. ‘உலர்ந்த’ என்பதற்கு இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தாலும் பட்டியலில் இருக்கும் சொல்தான் சட்டத்தின் சொல். எண்ணைப் பார்த்து, பட்டியலைத் திறந்து, அந்த எண்ணுக்கு எதிரே ஆங்கிலத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத வேண்டும்.

அப்படித் திறக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உலகச் சுங்க அமைப்பின் இந்தப் பட்டியல் 1988-ல் நடைமுறைக்கு வந்தது. இதில் முதல் ஆறு இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. ஏழாவது, எட்டாவது இலக்கங்களை அந்தந்த நாடு தன் வசதிக்கு வைத்துக்கொள்கிறது. ஈரானின் எட்டு இலக்க எண்ணும் இந்தியாவின் எட்டு இலக்க எண்ணும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பில் ஈரானிய எண்ணை முழுதாக எழுதி, அது ஈரானிய எண் என்று தெரியும்படி வைக்க வேண்டும். இந்திய எண்ணைத் தேர்வது இங்கே உள்ள கஸ்டம்ஸ் புரோக்கரின் வேலை. இரண்டாவது, பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. பிஸ்தாவுக்கு முன்பு 0802.50 என்ற ஒரே எண்தான். 2012 பதிப்பில்தான் ஓட்டோடு 51, ஓடு நீக்கி 52 என்று பிரிந்தது. பழைய படிவத்தை இன்னும் வைத்திருக்கும் வியாபாரியின் பில்லில் 50 என்று இருந்தால், அது தட்டச்சுப் பிழை என்று நினைத்து நாமே திருத்திவிடக் கூடாது.

‘சாயெர்’ என்ற சொல்லும் சுங்க வாசகத்தில் அடிக்கடி வரும். மற்றவை என்று பொருள். பட்டியலில் ஒரு தலைப்பின் கடைசியில் எதிலும் சேராதவற்றுக்காக வைத்த கட்டம் அது. சில வியாபாரிகள் அந்தச் சொல்லைச் சரக்கு வர்ணனைக் கட்டத்திலேயே எழுதிவிடுவார்கள். அதைப் பார்த்து ‘மற்றச் சரக்குகள்’ என்று ஆங்கிலத்தில் போட்டால், பில்லில் சொல்லாத வேறு பொருளும் பெட்டிக்குள் இருப்பதாகிவிடும். அது சுங்க வாசகத்தின் துண்டு என்று தெரியும்படி, பட்டியலின் ‘அதர்’ என்ற சொல்லையே எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும்.

முதல் வரியில் இன்னும் ஒரு சொல் மீதி இருக்கிறது: ‘காம்’. பச்சையானது, அதாவது வறுக்காதது. பார்ப்பதற்குச் சாதாரணச் சொல். ஆனால் சரக்கு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பசுமையாகவோ உலர்ந்தோ இருக்கும் கொட்டைகள் 8-ஆம் அத்தியாயம். வறுத்தால் 20-ஆம் அத்தியாயம், 2008.19. உலர்த்துவதற்கும் வறுப்பதற்கும் நடுவே கோடு எங்கே என்பது எளிதான கேள்வி இல்லை. கெடாமல் இருக்க மிதமாகச் சூடுகாட்டிய கொட்டையை 8-ஆம் அத்தியாயத்திலேயே வைத்துக்கொள்ள அந்த அத்தியாயத்தின் குறிப்பு இடம் தருகிறது. இதே கோட்டில்தான் நம் ஊரில் பாக்கு வழக்கு நடந்தது. வறுத்த பாக்கு 8-ஆம் அத்தியாயமா 20-ஆம் அத்தியாயமா என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2023-ல் அது 20-ஆம் அத்தியாயம்தான் என்று முடிவானது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம். ஆகவே பில்லில் ‘காம்’ இருந்தால் ‘ரா’ என்று எழுத வேண்டும். ‘பெரெஷ்தே’ அல்லது ‘பூ தாதே’ என்று இருந்தால் ‘ரோஸ்டட்’. பூ தாதே என்றால் நேர்ப்பொருள் மணமூட்டியது. அதனால் வாசனைப் பொருள் சேர்த்தது என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. வறுபடும்போது எழும் மணத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. எதுவுமே எழுதவில்லை என்றால் நாமாக ‘ரா’ என்று சேர்க்கக் கூடாது. இல்லாததை இல்லாமலே விட வேண்டும்.

எண்களுக்கு வருவோம். பாரசீக எழுத்து வலமிருந்து இடம் போகும். எண்கள் மட்டும் நம்முடையதுபோல் இடமிருந்து வலம். அட்டவணையின் முதல் கட்டம் வலது ஓரத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது கட்டங்களின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்; ஒரு கட்டத்தைத் திருப்ப மறந்தால் நிகர எடை இருக்க வேண்டிய இடத்தில் மொத்த எடை உட்கார்ந்துவிடும். பாரசீக இலக்கங்களில் இரண்டும் மூன்றும் ஒரு பல் வித்தியாசத்தில் நிற்கின்றன. பூஜ்யம் ஒரு புள்ளி. மங்கிய நகலில் புள்ளி மறைந்தால் இருபது இரண்டாகிவிடும்.

ஒரு கிலோ விலையைக் குறிக்கும் கட்டத்தின் தலைப்பு ‘ஃபீ’. கட்டணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மாதிரி ஒலித்தாலும் அது அதுவல்ல. அலகு விலை என்பது அதன் பொருள். நம் பில்லில் அந்தக் கட்டத்தில் 7/25 என்று இருக்கிறது. ஈரானில் தசமப் புள்ளிக்குப் பதில் சாய்கோடு போடுவது வழக்கம். ஆகவே அது ஏழு டாலர் இருபத்தைந்து சென்ட். சரிதானா என்று பார்க்கப் பெருக்கிவிட வேண்டும். 12,000 கிலோவை 7.25-ஆல் பெருக்கினால் 87,000 டாலர். தொகைக் கட்டத்திலும் அதுதான் இருக்கிறது. பருப்புக்கு 14/50, 2,000 கிலோவுக்கு 29,000. கூட்டினால் 1,16,000 டாலர். அடியில் தொகையை எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். அதோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

தேதி 1403/7/15 என்று இருக்கிறது. இது ஈரானியச் சூரியக் காலண்டர். மார்ச் மாதம் நவ்ரோஸ் அன்று ஆண்டு பிறக்கும். முதல் ஆறு மாதங்களுக்கும் 31 நாள். 1403 பிறந்தது 2024 மார்ச் 20 அன்று. அதிலிருந்து 186 நாள் தள்ளினால் ஏழாவது மாதமான மெஹர் செப்டம்பர் 22 அன்று தொடங்கும். பதினைந்தாம் தேதி என்பது 2024 அக்டோபர் 6. ஆண்டோடு 621-ஐக் கூட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். டிசம்பர் வரை அது சரி, ஜனவரி முதல் நவ்ரோஸ் வரை 622 கூட்ட வேண்டும். மொழிபெயர்ப்பில் ஈரானியத் தேதியையும் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் தர வேண்டும். கப்பல் பில் ஆங்கிலத் தேதியில் இருக்கும் என்பதால், இரண்டையும் ஒப்பிடுபவருக்கு அது உதவும்.

உள்ளூர் லாரி வாடகையைப் பில்லின் அடியில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால் நிதானிக்க வேண்டும். அச்சில் ரியால் என்று இருக்கும். பேச்சிலும் கையெழுத்திலும் தோமான் புழங்கும். ஒரு தோமான் பத்து ரியால். எழுதியிருக்கும் அலகை அப்படியே எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளர் வேலை. அலகே எழுதவில்லை என்றால் ‘அலகு குறிப்பிடப்படவில்லை’ என்று அடிக்குறிப்பு போட வேண்டும். ஊகித்துப் பத்தால் பெருக்கவோ வகுக்கவோ கூடாது.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே எண். இரண்டு வரிகளுக்கும் 08025100 என்று வியாபாரி போட்டிருக்கிறார். முதல் வரிக்கு அது பொருந்துகிறது. இரண்டாவது வரி பருப்பு, ஓடு நீக்கியது, 0802.52-ல் தொடங்கும் எண் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு இது கண்ணெதிரே தெரிகிறது. திருத்தலாமா?

கூடாது. பில் வியாபாரி கையெழுத்திட்ட ஆவணம். எண்ணை நாம் மாற்றினால், மூலத்தில் ஒன்று, மொழிபெயர்ப்பில் வேறொன்று என்றாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு எல்லா வரியிலும் சந்தேகம் வரும். வர்ணனையை எண்ணுக்கு ஏற்றபடி வளைத்து, பருப்பை ஓட்டோடு என்று எழுதுவது அதைவிட மோசம். நுழைவுப் பத்திரத்தில் சொன்ன விவரத்தோடு சரக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அதைப் பறிமுதல் செய்ய இந்தியச் சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த நிலைமைக்கு இறக்குமதியாளரைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த வளைத்தல்தான்.

செய்ய வேண்டியது இது: எண்ணை மூலத்தில் இருப்பதுபோலவே எழுதி, அருகே சதுர அடைப்புக்குள் ‘மூலத்தில் இவ்வாறே உள்ளது’ என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும். சுங்க வாசகக் கட்டத்தில் அந்த எண்ணுக்கு உரிய ‘பிஸ்டாஷியோஸ்: இன் ஷெல்’ என்பதையே எழுத வேண்டும், வர்ணனைக் கட்டத்தில் பருப்பு என்றே எழுத வேண்டும். முரண்பாடு மொழிபெயர்ப்பிலும் முரண்பாடாகவே தெரிய வேண்டும். பிறகு, நுழைவுப் பத்திரம் தாக்கலாகும் முன்பே இறக்குமதியாளரிடமும் கஸ்டம்ஸ் புரோக்கரிடமும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் ரஃப்சன்ஜானுக்குத் தகவல் அனுப்பி, வியாபாரியிடம் திருத்திய பில் கேட்பார்கள். புதிய பில் புதிய எண்ணோடும் புதிய தேதியோடும் வந்ததும், பழைய மொழிபெயர்ப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றாமல், அந்தப் பில்லை முதலிலிருந்து மொழிபெயர்த்து, எந்தப் பில்லுக்கு மாற்றாக வந்தது என்பதை மேலே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.